விழுந்தவர் யார்? வீட்டுக்காரரின் பொறுப்பும் பாலிசியின் இடைவெளியும்

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவரிடம் வங்கி பெரும்பாலும் ஒரு வீட்டுக் காப்பீட்டு பாலிசியையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறது. அந்தத் தாள் பீரோவுக்குள் போய்விடும். பிறகொரு நாள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் சாரத்திலிருந்து விழுந்தாலோ, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் துண்டு ஒன்று தெருவில் போனவர் தலையில் விழுந்தாலோ, ‘நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே’ என்று அந்தத் தாளைத் தேடி எடுப்பார்கள். அதில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இருக்கும். அடிபட்ட மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த பாலிசியின் பெயர் ‘பாரத் கிருஹ ரக்ஷா’. கட்டடத்தையும் வீட்டுப் பொருட்களையும் காக்கும் நல்ல பாலிசி அது. விருப்பப்பட்டால் ஒரு தனிநபர் விபத்துக் காப்பும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது பாலிசிதாரருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும் மட்டும். அதுவும் வீட்டைச் சேதப்படுத்திய அதே தீயோ வெள்ளமோ அவர்களைக் கொன்றால்தான். மற்றவருக்கு நம் வீட்டால் நேரும் காயம் இந்தப் பாலிசியின் எல்லைக்குள் வருவதே இல்லை.

வருவது இன்னொரு வகை: ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ்’ என்ற பெயரில் பொதுத்துறை நிறுவனங்கள் பல காலமாக விற்று வரும் தொகுப்பு பாலிசி. அதில் பிரிவு பிரிவாகத் தேர்ந்தெடுக்கலாம்: தீ ஒரு பிரிவு, களவு ஒரு பிரிவு, நகை, வீட்டுச் சாதனப் பழுது என்று நீண்டு, கடைசியில் ‘பொதுப் பொறுப்பு’ என்று ஒரு பிரிவு. ஏஜென்டும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை என்பதால் பெரும்பாலும் அந்தக் கட்டம் டிக் அடிக்கப்படாமலே போகிறது. 1991இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது போபாலுக்குப் பிறகு அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்காக எழுதப்பட்டது. பெயர் ஒற்றுமையைப் பார்த்து ‘அரசே கட்டாயமாக்கியிருக்கிறது, நமக்கும் இருக்கும்’ என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இந்தக் காப்பு எந்தச் சட்டத்தாலும் கட்டாயமில்லை.

சரி, அந்தக் கட்டத்தை டிக் அடித்தவர் நிம்மதியாக இருக்கலாமா என்றால், விழுந்தவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். விருந்தாளி, வழிப்போக்கர், வேலைக்கு வந்தவர் ஆகிய மூவரையும் சட்டம் மூன்று விதமாகப் பார்க்கிறது. பாலிசியும் அவர்களை வெவ்வேறு அறைகளில் வைத்திருக்கிறது. ஒருவர் எந்த அறையிலும் சேராமல் நடுக்கூடத்தில் நிற்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

விருந்தாளியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இங்கிலாந்தில் வீட்டுக்குள் வருபவர்களின் பாதுகாப்புக்கென்று 1957இலும் 1984இலும் தனிச் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை; நீதிமன்றங்கள் பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழியில்தான் போகின்றன. அழைப்பின் பேரில் வந்தவருக்கு வீட்டுக்காரர் நியாயமான அக்கறை காட்ட வேண்டும். தரையடி தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்திருப்பது தெரிந்தும் மாற்றாமல் விட்டு, வந்தவர் காலை விட்டால் அது கவனக்குறைவு. நல்ல வெளிச்சத்தில், உலர்ந்த தரையில், புடவை தடுக்கி விழுந்தால் அது விபத்து. வீட்டுக்காரர் மேல் பொறுப்பில்லை. பாலிசியும் அங்கே பணம் தராது. இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. பொறுப்புக் காப்பு என்பது அடிபட்டவருக்காக எடுத்த பாலிசி அல்ல. அடிபட்டவருக்கு நாம் சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகை இருந்தால், அதை நமக்காக நிறுவனம் கொடுக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் வீட்டு பாலிசிகளில், யார் தவறு என்று பார்க்காமல் விருந்தாளியின் மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு தொகை, பெரும்பாலும் ஆயிரம் முதல் ஐயாயிரம் டாலர், தனியாக வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஊருக்கு வந்து வீடு கட்டும் பிள்ளைகள் இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

தபால்காரர், சிலிண்டர் கொண்டு வருபவர், பார்சல் கொடுக்க வரும் பையன் ஆகியோர் நம் கணக்கில் வருகையாளர்களே. அவர்களுக்கு முதலாளி வேறு. அவர்கள் நம் படியில் விழுந்து, படியின் குறைதான் காரணம் என்றானால், பொதுப் பொறுப்புப் பிரிவு அவர்களுக்குப் பொருந்தும். கூடவே வசிக்கும் குடும்பத்தார் மட்டும் ‘மூன்றாம் நபர்’ ஆக மாட்டார்கள். மாமியார் நம் வீட்டிலேயே இருந்தால் அவருடைய இடுப்பு எலும்புக்கு இந்தப் பிரிவில் வழியில்லை.

வழிப்போக்கர் விஷயத்தில் சட்டம் திடீரென்று கடுமையாகிறது. டெல்லி சாந்தினி சவுக்கில் நகர மன்றத்துக்கு எதிரே இருந்த மணிக்கூண்டு இடிந்து விழுந்து சிலர் இறந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1966இல் தீர்ப்பு வந்தது. உள்ளே இருந்த பழுது வெளியே தெரியவில்லை, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று மாநகராட்சி வாதிட்டது. மணிக்கூண்டுக்கு எண்பது வயது. அந்த வகைக் காரையில் கட்டிய கட்டடத்துக்கு ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள் என்று பொறியாளரின் சாட்சியம் சொன்னது. சாலையை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவருக்குத் தனிக் கடமை உண்டு, பழுது வெளியே தெரிந்ததா தெரியவில்லையா என்பது அவருக்குத் தப்பும் வழி ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே உரிமையாளர் ஒரு மாநகராட்சி. ஆனால் சொல்லப்பட்ட விதி சாலையோரம் கட்டடம் வைத்திருக்கும் எவருக்கும் பொருந்தும். மரத்துக்கும் இதே போக்குதான். ஸ்கூட்டரில் போனவர் தலையில் சாலையோர மரக்கிளை முறிந்து விழுந்து அவர் இறந்த வழக்கில், 1999இல் அதே மாநகராட்சி மீண்டும் பொறுப்பாளி ஆக்கப்பட்டது.

நம் ஊரில் இந்த விதியின் கீழ் எத்தனை பொருட்கள் தெருவைப் பார்த்துத் தொங்குகின்றன என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். கம்பி துருப்பிடித்து அடிப்பக்கக் காரை உதிரும் சன்ஷேட், கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக வைத்த பூந்தொட்டிகள், காம்பவுண்டு சுவருக்கு வெளியே சாய்ந்து நிற்கும் தென்னை. காம்பவுண்டு சுவர்தான் இவற்றில் மிக மோசமானது. 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில், ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். வீட்டின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இப்படி ஒரு நிகழ்வில் வீட்டுப் பாலிசியின் பொறுப்பு வரம்பு எந்த மூலைக்கும் காணாது. பாலிசியில் ‘ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் இவ்வளவு’ என்று இரண்டு வரம்புகள் எழுதியிருக்கும். எத்தனை பேர் பாதிக்கப்பட்டாலும் ஒரே விபத்து ஒரே வரம்புக்குள்தான். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான குற்ற வழக்கை எந்தப் பாலிசியும் தோளில் வாங்கிக்கொள்வதில்லை.

ஆனாலும் வீட்டுக்காரர்கள் மேல் இழப்பீட்டு வழக்குகள் இங்கே ஏன் குறைவு? காரணம் நடைமுறையில் இருக்கிறது. வருகையாளரோ வழிப்போக்கரோ உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். பல ஆண்டுகள் அலைய வேண்டும். இறந்தவரின் வாரிசுகள் 1855ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்கிட இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். அதற்குள் துக்கமே முடிந்திருக்காது. இந்த அலைச்சல்தான் வீட்டுக்காரருக்கு இதுவரை இருந்த உண்மையான காப்பு என்று சொன்னால் அது கசப்பாக இருக்கும்; ஆனால் பொய்யில்லை.

வேலைக்கு வந்தவருக்கு அந்த அலைச்சல் கிடையாது. அவருக்கு 1923இலேயே வேறு பாதை போட்டுக் கொடுத்திருந்தார்கள்: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பின்னாளில் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது; எலும்புக்கூடு மாறவில்லை. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து என்றால் முதலாளி கொடுக்க வேண்டும். யார் தவறு என்ற கேள்வியே இல்லை. இறந்துவிட்டால், குடித்திருந்தார் என்ற வாதம்கூட எடுபடாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது. தொழிலாளர் துறை ஆணையரிடம் மனு, வாய்ப்பாட்டின்படி தொகை.

இது தொழிற்சாலைக்கு, வீட்டுக்கு அல்ல என்று நினைக்கலாம். ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மை. தற்காலிகமாக, முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அமர்த்தப்பட்டவர் ‘தொழிலாளி’ ஆக மாட்டார் என்று பழைய வரையறை விலக்கு வைத்திருந்தது. இரண்டு நாளைக்கு வெள்ளையடிக்க வந்தவர் அந்த விலக்கில் விழுந்துவிடுவார். 2000ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வரிகளை நீக்கிவிட்டது. வீட்டுக்காரர்களில் அநேகருக்கு இந்தச் செய்தி இன்றுவரை போய்ச் சேரவில்லை. சட்டத்தின் அட்டவணையில், ஒரு மாடிக்கு மேற்பட்ட அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை பன்னிரண்டு அடிக்குக் குறையாத கட்டடத்தைக் கட்டுதல், பராமரித்தல், பழுதுபார்த்தல், இடித்தல் ஆகிய வேலைகள் இருக்கின்றன. பனை ஏறிக் கள் இறக்குவதும் மரம் வெட்டுவதும் இருக்கின்றன. பன்னிரண்டு அடி என்பது நம் ஊர் மாடி வீடு எதுவும் எளிதில் தாண்டும் உயரம்.

ஒரு நிகழ்வைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் பார்ப்போம். கும்பகோணத்தில் ஒரு மாடி வீடு. பொங்கலுக்கு முன் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். பெயிண்ட்டைத் தாமே கடையில் வாங்கி, தெரிந்த பெயிண்டர் ஒருவரை நாள் கூலி 900 ரூபாய்க்கு நேரடியாகப் பேசி அமர்த்துகிறார். எந்தச் சுவரை முதலில் அடிப்பது, எத்தனை மணிக்கு வருவது எல்லாம் அவர் சொல்படி. மூன்றாம் நாள் சவுக்குக் கட்டைச் சாரத்தின் கயிறு நழுவி, நாற்பது வயதுப் பெயிண்டர் விழுந்து இறந்துபோகிறார்.

பழைய சட்டத்தின் கடைசி அளவுகளைக் கொண்டே கணக்குப் போடலாம். மாதக் கூலி எவ்வளவானாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். 2020 ஜனவரியில் நிர்ணயித்தது. மரணத்துக்கு அதில் பாதி, அதாவது 7,500. நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. இரண்டையும் பெருக்கினால் 13,81,275 ரூபாய். கூடவே ஈமச் செலவு. விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் தாமதித்ததாக ஆணையர் கருதினால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரலாம். அவர் இறக்காமல் காலில் ஊனத்தோடு பிழைத்து, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனது என்று மருத்துவர் மதிப்பிட்டால், 60 சதவீதக் கூலியான 9,000த்தை அதே காரணியால் பெருக்கி, அதில் 30 சதவீதம்: 4,97,259 ரூபாய். சிகிச்சைச் செலவு தனி.

இப்போது ஆசிரியர் தம் பாலிசியை எடுக்கிறார். அவர் விவரமானவர், பொதுப் பொறுப்புப் பிரிவையும் வாங்கியிருக்கிறார். அதன் விலக்குகளைப் படித்தால், ‘பாலிசிதாரரிடம் வேலை செய்பவருக்கு அந்த வேலையின்போது ஏற்படும் காயம்’ என்று ஒரு வரி. பெயிண்டர் வெளியே தள்ளப்பட்டார். அடுத்த உட்பிரிவில் ‘பணியாளர் இழப்பீட்டுப் பொறுப்பு’ இருக்கிறது. ஆனால் அதில் ‘வீட்டு வேலைக்காரர்கள்’ என்று எழுதியிருக்கிறது, அதுவும் எத்தனை பேர் என்று அறிவித்துப் பிரீமியம் கட்டியவர்கள். சமையல் செய்யும் அம்மா, தோட்டக்காரர், காரோட்டி ஆகியோருக்கான பிரிவு அது. மூன்று நாள் பெயிண்டர் வீட்டு வேலைக்காரர் இல்லை. ஆக முதல் பிரிவுக்கு அவர் பணியாளர். இரண்டாவது பிரிவுக்குப் பணியாளர் அல்ல. நடுக்கூடத்தில் நிற்பவர் என்று சொன்னது இவரைத்தான். வீட்டில் உயரத்திலும் மின்சாரத்திலும் கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் இவரைப் போன்றவர்களே. பாலிசி எழுதியவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றியதாக நான் சொல்ல மாட்டேன். வீட்டில் வேலை செய்பவர் என்றாலே மாதச் சம்பள வேலைக்காரர் என்று நினைத்த காலத்தின் வாசகம் அப்படியே தங்கிவிட்டது.

அதே ஆசிரியர், பொருளோடு சேர்த்து மொத்த வேலையையும் ஒரு மேஸ்திரியிடம் ஒப்பந்தமாக விட்டிருந்தால் நிலைமை மாறும். அப்போது பெயிண்டரின் முதலாளி மேஸ்திரி. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் மேலிருப்பவரே பொறுப்பு என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஆனால் தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரைத்தான் அது பிடிக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது ஓர் ஆசிரியரின் தொழில் அல்ல. வாடகைக்கு விடவென்றே வரிசையாக வீடுகள் கட்டியவருக்கு இந்த வாதம் இவ்வளவு சுலபமாக நிற்காது. மேஸ்திரி ஒப்பந்தம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்பதுதான் சிக்கல். நம் ஊர் ஒப்பந்தங்கள் வாய்ப்பேச்சு. சனிக்கிழமை கூலியை வீட்டுக்காரரே ஆளுக்கு ஆள் எண்ணிக் கொடுப்பதும் சகஜம். அப்படி எண்ணிக் கொடுத்த கைதான் முதலாளியின் கை என்று ஆணையர் முன் வாதிடப்படும். தொகை, வேலை விவரம், ஆட்களின் கூலியும் பாதுகாப்பும் மேஸ்திரியைச் சேர்ந்தவை என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து கொண்ட ஒரு தாளும், பணத்தை மேஸ்திரியின் கணக்குக்கே அனுப்பிய வங்கிப் பதிவும் இருந்தால் கதை வேறு. இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. கையில் ஐம்பதாயிரம்கூட இல்லாத மேஸ்திரியிடம் பொறுப்பைத் தள்ளிவிட்டால் வீட்டுக்காரர் தப்பலாம். பெயிண்டரின் குடும்பத்துக்கு ஒரு காசும் வராமல் போகலாம்.

அந்த இடைவெளியை அடைக்கும் பாலிசி இல்லாமல் இல்லை. பணியாளர் இழப்பீட்டு பாலிசி என்று தனியாகவே இருக்கிறது. சில மாத வேலைக்கென்று குறுகிய காலத்துக்கும் எடுக்கலாம். வேலையின் வகை, ஆட்களின் எண்ணிக்கை, அவர்களுக்குக் கொடுக்கப்போகும் மொத்தக் கூலி ஆகியவற்றை வைத்துப் பிரீமியம் போடுவார்கள். உயரத்தில் செய்யும் வேலை என்று உள்ளபடி சொல்ல வேண்டும். தரைவேலை என்று எழுதிவிட்டுச் சாரத்தில் ஏற்றினால் கிளெய்ம் சிக்கும். மருத்துவச் செலவும், ஒப்பந்தக்காரரின் ஆட்களும் தாமாக உள்ளே வருவதில்லை. கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியோடு இணைப்பாக எழுதி வாங்க வேண்டும். வட்டி விஷயத்திலும் கவனம் தேவை. இந்த வகை பாலிசியில் வட்டியைத் தான் தர மாட்டேன் என்று நிறுவனம் ஒப்பந்தத்திலேயே விலக்கிக்கொள்ளலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வழக்கு இரண்டு ஆண்டு இழுத்தால், நம் கணக்கில் அந்த வட்டி மட்டும் 3,31,506 ரூபாய். வீட்டுக்காரர் கையிலிருந்து போகும். அபராதத்தை எந்த நிறுவனமும் ஏற்பதில்லை.

விபத்துக்குப் பிறகு முதல் சில நாட்களில் நடப்பவைதான் பாலிசியைப் பெரும்பாலும் கெடுக்கின்றன. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, முன்பணம் கட்டுவது எல்லாம் மனிதத்தன்மை. அதை எந்த நிபந்தனையும் தடுக்கவில்லை. ஆனால் ‘நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசி முடிக்கவோ கூடாது’ என்று பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. நம் ஊரில் நடப்பதோ, காவல் நிலைய வாசலிலோ கவுன்சிலர் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து ஒரு தொகை பேசி, வெள்ளைத் தாளில் ‘இனி எங்களுக்கு எந்தப் பாத்தியமும் இல்லை’ என்று எழுதி வாங்குவது. இது இரண்டு பக்கமும் வெட்டும். காப்பீட்டு நிறுவனம் நிபந்தனை மீறல் என்று கைவிரிக்கும். மறுபக்கம், தொழிலாளி இறந்த வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்பது 1923 சட்டத்திலேயே உள்ள விதி. முதலாளி வாரிசுகளிடம் நேரே கொடுத்தது, மூன்று மாதக் கூலி அளவு முன்பணம் தவிர, இழப்பீடாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. திண்ணையில் மூன்று லட்சம் கொடுத்தவர் பிறகு ஆணையரிடம் பதின்மூன்று லட்சத்தையும் கட்ட நேரலாம். பெண்களும் குழந்தைகளும் திண்ணைப் பேச்சில் அற்பத் தொகைக்கு அடக்கப்படுவதைத் தடுக்கத்தான் விதி அப்படி இருக்கிறது. வீட்டுக்காரர் பக்கம் நின்று பார்த்தாலும் அது சரியான விதி என்றே நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது சாதாரணமானதுதான்: உடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல், முறிந்த கட்டையையும் நழுவிய கயிற்றையும் அகற்றுவதற்கு முன் படம், யார் அமர்த்தினார், கூலி யார் கொடுத்தார் என்பதற்கான பதிவுகள், வரும் வக்கீல் நோட்டீஸை நாமே பதில் எழுதாமல் நிறுவனத்துக்கு அனுப்புவது.

வாடகை வீடானால் பொறுப்பு பிரிகிறது. சுவர், சன்ஷேட் போன்ற கட்டடக் குறைக்கு உரிமையாளர். பூந்தொட்டி, ஈரத்தரை போன்றவற்றுக்குக் குடியிருப்பவர். அடுக்ககத்தில் படிக்கட்டும் லிஃப்டும் சங்கத்தின் பொறுப்பு, அதற்குச் சங்கத்தின் பெயரில்தான் பாலிசி இருக்க வேண்டும். வீட்டின் முன்னறையில் டியூஷனோ தையல் கடையோ நடத்தினால், அதற்காக வருபவர்கள் தொழில் வருகையாளர்கள். வீட்டு பாலிசி பெரும்பாலும் அவர்களை விலக்கி வைக்கும்.

எந்தப் பாலிசியாலும் அடைக்க முடியாத ஓர் இடமும் வீட்டுக்குள் இருக்கிறது: செப்டிக் டேங்க். தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் யாருக்கும் தடைசெய்கிறது, தனி வீட்டுக்காரர் உட்பட. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சமாகவும், 2023 அக்டோபரில் முப்பது லட்சமாகவும் நிர்ணயித்தது. சட்டம் தடைசெய்த வேலையில் நேர்ந்ததற்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தரும் என்று எதிர்பார்க்க இடமில்லை. லாரி வராத சந்து என்று சொல்லி, ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்து ஆளை இறக்கும் வீட்டுக்காரர், பீரோவில் எந்தப் பாலிசி இருந்தாலும், காப்பில்லாமல்தான் நிற்கிறார்.